காப்புறுதியில் நொமினி பெயர் இல்லையா? உரித்தாளர்கள் விடும் தவறுகள்

தோட்டத்தில் வேலை செய்தவர் இறந்தால், சேமலாப நிதிப் படிவத்தில் மனைவியின் பெயர் இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் சேமலாப நிதிக்கு மட்டுமே. ஆயுள் காப்புறுதியில் நொமினி குறிக்கப்படாவிட்டால், அந்தப் பணம் இறந்தவரின் சொத்தோடு சேர்ந்து உரித்தாளர் எல்லோருக்கும் உரியதாகிறது.

அடுத்த தவறு, மனைவி தனியாக விண்ணப்பிப்பது. ஹட்டன் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காப்புறுதித் தொகை 6 இலட்சம். மனைவி, மூன்று பிள்ளைகள், இறந்தவரின் தாய் இருக்கிறார்கள். உயில் இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. பொதுச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, அதாவது 3 இலட்சம். மீதி பிள்ளைகளுக்குத் தலா ஒரு இலட்சம். பிள்ளைகள் இருப்பதால் தாய்க்குப் பங்கு வராது. கட்டிக்கொடுத்த மகளுக்கும் சம பங்கு உண்டு. அவளை விட்டுவிட்டுக் கொடுத்த விண்ணப்பம் பிறகு ஆட்சேபத்தில் சிக்கும். 18 வயதாகாத பிள்ளையின் பங்கைத் தாய் தன் கையில் வாங்கிச் செலவழிக்க முடியாது. பொதுவாக அது பிள்ளையின் பெயரில் வைப்பிலிடப்படும்.

கிராம சேவகரின் கடிதம் போதும் என்று நம்பி மாதக்கணக்கில் அலைபவர்களும் உண்டு. அந்தக் கடிதம் வதிவையும் குடும்பத்தையும் காட்டும், உரிமையைத் தீர்மானிக்காது. தொகை சிறிதென்றால் சில நிறுவனங்கள் எல்லா உரித்தாளரின் சத்தியக்கடதாசியோடும் பொறுப்பேற்புப் பத்திரத்தோடும் கொடுத்துவிடும். இல்லாவிட்டால், இறந்தவர் வாழ்ந்த பகுதிக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில், சொத்தைப் பொறுப்பேற்று உரித்தாளருக்குப் பகிர அதிகாரம் தரும் நிருவாகக் கடிதம் பெற வேண்டும். எது தேவை என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்ட பிறகே சட்டத்தரணிக்குப் பணம் கட்டுங்கள். நீதிமன்ற மனுவில் காப்புறுதியை மட்டும் எழுதாமல் வங்கிப் பணம் முதலிய மற்றச் சொத்துகளையும் காட்ட வேண்டும்.

வழக்கமாகக் கேட்பவை: காப்புறுதிப் பத்திரத்தின் மூலப்பிரதி, கோரிக்கைப் படிவம், மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், எல்லோருடைய அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம், உயில் இல்லை என்றும் உரித்தாளர் இன்னார் என்றும் கூறும் சத்தியக்கடதாசி. பத்திரம் கடனுக்காக வங்கிக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தால் முதலில் அந்தக் கடன் கழியும்.

நம் பக்கத்தில் வேலையை நிறுத்திவைப்பது பெரும்பாலும் பெயர்தான். தோட்டப் பதிவில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியாய், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறொரு முதலெழுத்து. நிறுவனத்துக்கு இவர்கள் மூன்று ஆட்கள். பத்திரங்களை ஒரே மேசையில் பரப்பி, பெயரையும் திகதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். சிறு வித்தியாசத்துக்கு, இருவரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசி பெரும்பாலும் போதும். தகப்பன் பெயரே மாறியிருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவைத் திருத்தத்தான் வேண்டும். கோவிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்தவர்கள் மனம் தளர வேண்டாம். ஊரறிந்த திருமணத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். பிள்ளைகளின் சான்றிதழில் பெற்றோர் திருமணமானவர்கள் என்று எழுதப்பட்டிருந்தால், அதை முதல் ஆதாரமாகச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.