பழைய சொற்பட்டியலைத் தட்டச்சும்போது வரிக்கு ஒரு குறி

கையெழுத்துச் சொற்பட்டியலைத் தட்டச்சும்போது சொல், பொருள், எடுத்துக்காட்டு மூன்றையும் தனித்தனி வரியில், முன்னால் ஒரு குறி போட்டு அடியுங்கள்:

```
\lx பத்தாயம்
\dn நெல் கொட்டி வைக்கும் மரப்பெட்டி; குதிர்
\xv பத்தாயத்துல நெல்லு தீந்துபோச்சு
```

காற்புள்ளியும் அரைப்புள்ளியும் கோடும் பொருளுக்குள்ளேயே வரும்; அவற்றை நம்பிப் பிரித்தால் 'குதிர்' தனிச்சொல்லாகிவிடும். வரித் தொடக்கத்துக் குறியில் அந்தக் குழப்பமில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் `\lx` எத்தனை என்று தேடி, நோட்டில் உள்ள தலைச்சொற்களோடு ஒப்பிட்டால் விட்டுப்போனது உடனே தெரியும். அகராதி மென்பொருளான டூல்பாக்ஸும் இதே குறிகளைத்தான் படிக்கிறது.

எழுதியவர் குறிக்காமல் விட்ட எடுத்துக்காட்டை நீங்களாக `\xv`-இல் சேர்க்காதீர்கள். சொல்லுக்கு ஒரே பொருள் மட்டும் உள்ள பட்டியலுக்கு இவ்வளவு வேலை வேண்டாம், எக்செல்லில் இரண்டு நெடுவரிசை போதும். அடித்தல் திருத்தல், வரி முறிவு எல்லாம் மூலத்தில் உள்ளபடியே வேண்டுமென்றால் இந்த முறை உதவாது.