பணம் போனது, ஆர்டர் விழவில்லை: வங்கியிடம் போக வேண்டியவருக்குப் பதில் எழுதும் முறை

ஆன்லைன் கடையின் உதவிப் பிரிவுக்கு அடிக்கடி வரும் புகார் இது. யுபிஐயில் ₹1,240 கழிந்திருக்கும், ஆர்டர் பதிவாகியிருக்காது. பணம் கடைக்கு வராவிட்டால் திருப்பித் தர வேண்டியது வங்கிதான். ஆனால் “உங்கள் வங்கியைக் கேளுங்கள்” என்று மட்டும் எழுதினால், தட்டிக்கழிக்கிறார்கள் என்றே வாடிக்கையாளர் நினைப்பார்.

முதலில், பணம் நம்மிடம் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். அதற்கு 12 இலக்க UTR எண் வேண்டும். பலர் கூகுள் பேயில் எழுத்துகள் கலந்த Google transaction ID-ஐ அனுப்பிவிடுவார்கள். அதே திரையில் UPI transaction ID என்று இருப்பதே UTR, அதைக் கேளுங்கள். பேமெண்ட் கேட்வே கணக்கில் இந்த எண்ணை வைத்தே தேடுங்கள். ஆர்டர் எண்ணை வைத்துத் தேடுவதில்தான் தவறு நேர்கிறது: பணம் செலுத்தும் பக்கம் காலாவதியான பிறகு தாமதமாக வந்து சேர்ந்த பணம் எந்த ஆர்டரோடும் இணையாமல் கிடக்கலாம். அப்படிக் கிடைத்தால் அது நம் பொறுப்பு, அன்றே ரீஃபண்ட் போடுங்கள்.

வரவில்லை என்றால், நாளைக் கணக்கிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கடைக்கு உறுதியாகாத யுபிஐ பணம் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு. மார்ச் 3-இல் செலுத்தியிருந்தால் கெடு மார்ச் 8. “5 நாள் பொறுங்கள்” என்பதைவிடத் தேதியைச் சொல்வது மேல். அவர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பிறகு பதிலை இப்படி எழுதலாம்:

> வணக்கம். UTR எண்ணை வைத்துத் தேடினோம். மார்ச் 3-இல் நீங்கள் செலுத்திய ₹1,240 எங்களுக்கு வரவில்லை. அது மார்ச் 8-க்குள் உங்கள் கணக்குக்கே திரும்ப வேண்டும். வராவிட்டால், யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதியுங்கள், அல்லது வங்கிக்குக் கீழே உள்ளதை அனுப்புங்கள்:
>
> “மார்ச் 3-இல் ₹1,240 கழிந்தது, UTR ______. பணம் வரவில்லை எனக் கடை எழுத்தில் தெரிவித்துள்ளது. தொகையையும், மார்ச் 8-க்குப் பிந்தைய நாட்களுக்கான இழப்பீட்டையும் வரவு வையுங்கள்.”
>
> பொருள் உடனே வேண்டுமென்றால் புதிதாக ஆர்டர் செய்யலாம். பழைய தொகை தனியாகத் திரும்பும்.

வங்கிக்கு அனுப்பச் சொல்லும் மேற்கோளுக்குள் இருக்கும் மூன்று வரிகளே இந்தப் பதிலின் உயிர். வங்கியில் என்ன சொல்வதென்று தெரியாமல்தான் பலர் திரும்ப நம்மிடமே வருகிறார்கள். கோடிட்ட இடத்தில் எண்ணை நீங்களே நிரப்பி அனுப்புங்கள்.

“கண்டிப்பாக 8-ஆம் தேதி வந்துவிடும்” என்று எழுதாதீர்கள். வங்கியின் வேலைக்கு நாம் வாக்குக் கொடுக்க முடியாது. வங்கியின் தொலைபேசி எண்ணையும் தேடிப் பிடித்துத் தராதீர்கள். தேடலில் போலி எண்கள் நிறைய வருகின்றன. டெபிட் கார்டின் பின்புறம் உள்ள எண்ணைப் பார்க்கச் சொன்னால் போதும்.

புகார் கொடுத்து 30 நாளாகியும் வங்கி பதில் தராவிட்டால் cms.rbi.org.in-இல் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் முறையிடலாம். இதை முதல் பதிலிலேயே சேர்த்தால் பணமே வராதோ என்று பயந்துவிடுவார். மார்ச் 8 தாண்டி அவர் மறுபடி எழுதும்போது சொல்லுங்கள்.