ஒரே கோரில் பல லிங்க்: பைடையை மக்ஸில் சொருகாதீர்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கட்டிங் கட்டடத்துக்கும் பேக்கிங் கட்டடத்துக்கும் நடுவே 400 மீட்டர். நாலு கோர் ஃபைபர் கேபிளில் இரண்டை ஜேசிபி அறுத்துவிட்டது. மிச்சமிருந்த கோரில் பல லிங்க் ஓட்ட மக்ஸ் வாங்கினார்கள்; பல நிற வெளிச்சத்தை ஒரே கோரில் சேர்க்கும் பெட்டி அது. போன வாரம் அங்கிருந்து ஒரு தம்பி போன் செய்தார்: “ஏனுங்ணா, மக்ஸ் மாட்டியாச்சு, லைட் போகுது, லிங்க் மட்டும் வர மாட்டேங்குதுங்க.” ஒரே கோரில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் பைடை மாடுலை மக்ஸில் சொருகியிருந்தார். பெருந்துறையில் ஒரு மில்லில் நான் செய்த அதே தவறு. அதனால்தான் எழுதுகிறேன். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி பைடை மாடுல் சொருகுவதைப் பற்றிச் சொல்லப்போவதில்லை. அது முதல் நாளே தெரிந்துவிடும்.

பைடை மாடுலை மக்ஸில் சொருகுவது

பைடை மாடுலுக்கு ஒரே துளைதான். ஒரு முனை 1490 நானோமீட்டரில் அனுப்பி 1310-இல் வாங்கும்; மறுமுனை நேர் எதிர். ஒரே கோரில் இரண்டு நிறமும் எதிரெதிராகப் போகும். ஆனால் சிடபிள்யூடிஎம் மக்ஸின் ஒவ்வொரு போர்ட்டும் ஒரு நிறத்தை மட்டுமே விடும் சல்லடை. 1490 போர்ட்டில் பைடையைச் சொருகினால் போகும் வெளிச்சம் மறுமுனைக்குப் போய்ச் சேரும், திரும்பும் 1310 மக்ஸிலேயே நின்றுவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். லினக்ஸ் பெட்டி என்றால் இரண்டு முனையிலும் இதைப் போடுங்கள், enp1s0 இடத்தில் உங்கள் போர்ட்டின் பெயர்:

```
sudo ethtool -m enp1s0
```

தம்பியிடம் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பேக்கிங் பக்கம் வரும் வெளிச்சம் −10 dBm, நல்ல அளவு. கட்டிங் பக்கம் −40, அதாவது இருட்டு. ஒரு பக்கம் மட்டும் இருட்டு என்றால் மாடுலை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். நான் அப்படித்தான் நாலு மாடுல் வாங்கிக் காசை விட்டேன். இப்போதும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

சரி, என்ன வாங்க வேண்டும்? ஒற்றைக் கோருக்கென்றே செய்த மக்ஸ் ஜோடி. அது ஏ, பி என்று வரும். எட்டு நிறம் இருந்தால் நாலு லிங்க் கிடைக்கும்: ஏ பக்கம் 1470, 1510, 1550, 1590 அனுப்பும், பி பக்கம் 1490, 1530, 1570, 1610. இதில் சொருகுவது இரட்டைத் துளை சிடபிள்யூடிஎம் மாடுல். அனுப்புவது ஒரு நிறம்தான், ரிசீவர் எந்த நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். அதனால் 1470-க்கு எதிர்முனையில் 1490 மாடுல் உட்காரும். எட்டு மாடுலும் எட்டு நிறம். இரண்டு மக்ஸும் ஏ-வாக வந்தால் எதுவும் ஓடாது. பில் போடும் முன் பாருங்கள்.

அந்தத் தம்பிக்கு ஒரு கோரில் இந்த ஜோடி, இன்னொரு கோரில் பழைய பைடை. மொத்தம் ஐந்து லிங்க். ஒரு கோர் போனாலும் மற்றது நிற்கும்.

400 மீட்டருக்கு 80 கிலோமீட்டர் மாடுல்

வேண்டாம். வெளிச்சம் அதிகமாகி ரிசீவர் கெட்டுவிடலாம்.

பச்சைக் கனெக்டரை நீலத்தில் சொருகுவது

பச்சை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேரானது. இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டாது. நடுவில் இடைவெளி விழும், வெளிச்சம் குறையும்.