குரோம் தெரியாத மொழியில் இருந்தால் நீட்டிப்பு கேட்கும் அனுமதியைப் படிப்பது எப்படி?

சில மாதங்கள் ஒரு கணினியில் வேலை செய்ய வேண்டியிருந்தது. அதில் குரோம் முழுக்க ஜெர்மன் மொழியில் இருந்தது, கணினி என்னுடையது இல்லை என்பதால் மொழியை மாற்றவும் முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நீட்டிப்பு தேவைப்பட்டது. நிறுவப் போனால் ஒரு சின்னப் பெட்டி, நாலைந்து ஜெர்மன் சொற்கள், இரண்டு பட்டன்கள். யோசிக்காமல் ஒன்றை அழுத்திவிட்டேன். எதற்குச் சம்மதித்தேன் என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன்: நான் திறக்கும் எல்லாத் தளங்களிலும் இருப்பதைப் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு இந்த வழி தெரிந்திருந்தால் ரத்து செய்திருப்பேன்.

முதலில் ஒரு விஷயம். குரோமில் இருக்கும் மொழிபெயர்ப்பு வசதி இணையப் பக்கங்களுக்கு மட்டும்தான். அனுமதிப் பெட்டி பக்கத்தின் பகுதி இல்லை, உலாவியே காட்டுவது. அதனால் அந்தப் பெட்டியைக் குரோம் மொழிபெயர்க்காது, பெட்டியில் உள்ள வரிகளை இழுத்துத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கவும் முடியாது. அமைப்புகள் பக்கமும் அப்படியே, அங்கும் மொழிபெயர்ப்பு வேலை செய்யாது.

படி 1: Esc அழுத்துங்கள்

பெட்டி வந்ததும் புரியாவிட்டால் Esc விசையை அழுத்திவிடுங்கள். எந்த மொழியாக இருந்தாலும் அது ரத்துதான். பட்டன்களின் இடத்தை நம்ப வேண்டாம், விண்டோஸிலும் மேக்கிலும் வரிசை ஒரே மாதிரி இருக்காது. ஜெர்மனில் Abbrechen என்றால் ரத்து, Erweiterung hinzufügen என்றால் நீட்டிப்பைச் சேர்ப்பது. ரத்து செய்தால் எதுவும் நிறுவப்படாது, எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரலாம்.

படி 2: அதே பெட்டியைத் தமிழில் வரவழையுங்கள்

அனுமதி வரிகளை எழுதுவது நீட்டிப்பைச் செய்தவர் இல்லை, குரோம். நீட்டிப்பு கேட்கும் அனுமதிகளைப் பார்த்து, குரோம் தன்னிடம் இருக்கும் தயார் வாக்கியங்களில் பொருத்தமானதை எடுத்து, தன் இடைமுக மொழியில் காட்டுகிறது. அதனால் தமிழ் இடைமுகத்தில் ஒரு குரோமைத் திறந்து, அதே நீட்டிப்பை நிறுவப் போனால் அதே வரிகள் தமிழில் வரும். கணினியின் மொழி அமைப்பைத் தொட வேண்டியதே இல்லை.

விண்டோஸில் விண்டோஸ் விசையோடு R அழுத்தி, வரும் பெட்டியில் இதை ஒட்டுங்கள்:

```
chrome --lang=ta --no-first-run --user-data-dir="%TEMP%\tamil"
```

லினக்ஸில் இப்படி:

```
LANGUAGE=ta google-chrome --no-first-run --user-data-dir=/tmp/tamil
```

இதில் `user-data-dir` பகுதியை விட்டுவிடாதீர்கள். குரோம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், இது இல்லாமல் கொடுக்கும் கட்டளை அந்த ஓடும் குரோமிலேயே இன்னொரு விண்டோவைத் திறக்கும், மொழி மாறவே மாறாது. தனிக் கோப்புறை கொடுத்தால்தான் புதிதாக, காலியான ஒரு குரோம் தமிழில் திறக்கும். சரியாகத் திறந்ததா என்று அறிய, மூன்று புள்ளி மெனுவைத் திறந்து பாருங்கள், அது தமிழில் இருக்க வேண்டும். அதில் எந்தக் கணக்கிலும் உள்நுழைய வேண்டாம். அலுவலகக் கணினியில் இதற்குத் தடை போட்டிருந்தால், ஃபோன் கேமராவில் பெட்டியைப் படம் பிடித்து மொழிபெயர்ப்பதுதான் மிச்சமிருக்கும் வழி.

அடுத்து, ஜெர்மன் விண்டோவில் இருக்கும் நீட்டிப்புக் கடை முகவரியை நகலெடுத்து தமிழ் விண்டோவில் ஒட்டுங்கள். பெயரை வைத்துத் தேடாதீர்கள். நீட்டிப்பின் பெயரே மொழிக்கு மொழி மாறலாம், ஒரே பெயரில் வேறு வேறு நீட்டிப்புகளும் உண்டு. முகவரிக்குள் 32 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளம் இருக்கும், a முதல் p வரையுள்ள எழுத்துகள் மட்டுமே அதில் வரும். அது இரண்டு விண்டோவிலும் ஒன்றாக இருந்தால் அதே நீட்டிப்புதான். நிறுவும் பட்டனை அழுத்தி, வரும் பெட்டியைப் படித்துவிட்டு, மீண்டும் Esc.

படி 3: வந்த வரிகளை எடைபோடுவது

வரிகள் குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று தோன்றும். அது தவறு. எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் என்ற ஒற்றை வரி வந்தால், அதற்குள் அடங்கும் சின்ன அனுமதிகளைக் குரோம் தனியாகக் காட்டாது. உலாவல் வரலாற்றைப் படிப்பது பற்றிய வரி இப்படித்தான் காணாமல் போகும், அந்த அனுமதியும் உள்ளேதான் இருக்கும். ஜெர்மனில் அந்தப் பெரிய வரியை allen Websites என்ற சொற்களை வைத்தே அடையாளம் காணலாம், Browserverlauf என்று வந்தால் அது உலாவல் வரலாறு.

என் ஸ்கிரீன்ஷாட் நீட்டிப்பையே எடுத்துக்கொள்வோம். நான் பொத்தானை அழுத்தும்போது, அப்போது திறந்திருக்கும் டேபை மட்டும் அது படம் எடுத்தால் போதும். அதற்கு activeTab என்று ஓர் அனுமதி இருக்கிறது, அதைக் கேட்டால் குரோம் எச்சரிக்கை வரியே காட்டாது. ஆக, இவ்வளவு சின்ன வேலைக்கு எல்லாத் தளங்களையும் கேட்டது தேவைக்கு மீறியது. அதே வரியை விளம்பரத் தடுப்பான் கேட்டால் நான் இந்த அளவுக்குச் சந்தேகப்பட மாட்டேன், அதன் வேலையே எல்லாப் பக்கங்களிலும்தான். வேலைக்கும் அனுமதிக்கும் பொருந்துகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள், நீக்கவும் மனமில்லை என்றால், முகவரிப் பட்டியில் `chrome://extensions` என்று தட்டுங்கள். எந்த மொழி இடைமுகத்திலும் இந்த முகவரி மாறாது. நீட்டிப்பின் விவரப் பக்கத்தில் தள அணுகலுக்கு ஒரு தேர்வுப் பட்டியல் இருக்கும்: சொடுக்கும்போது மட்டும், குறிப்பிட்ட தளங்களில், எல்லாத் தளங்களிலும் என்ற வரிசையில். முதலாவதைத் தேர்ந்தெடுங்கள், மொழி புரியாவிட்டாலும் வரிசையை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்று, சில நாள் கழித்து நீட்டிப்பு திடீரென்று அணைந்து, மீண்டும் இயக்கச் சொல்லி ஒரு செய்தி வரலாம். புதிய பதிப்பு கூடுதலான, எச்சரிக்கை காட்ட வேண்டிய அனுமதியைக் கேட்கும்போது குரோம் அதை நிறுத்தி வைத்துவிட்டு உங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்கிறது. பழுதாகிவிட்டது என்று நினைத்து அவசரமாக ஒப்புக்கொள்ள வேண்டாம், படி 2-ஐ மறுபடி செய்யுங்கள்.

படி 4: ஒத்திசைவு

இங்கேதான் விஷயம் ஒரு கணினியைத் தாண்டுகிறது. உங்கள் கணக்கில் உள்நுழைந்து நீட்டிப்புகளின் ஒத்திசைவும் இயங்கினால், இங்கே நிறுவியது அதே கணக்கு இருக்கும் மற்றக் கணினிகளுக்கும் போய்விடும். எதிர்த் திசையிலும் அப்படியே, இங்கே நீக்கினால் அங்கேயும் போய்விடும். அந்த ஸ்கிரீன்ஷாட் நீட்டிப்பு என் சொந்த மடிக்கணினியில் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

`chrome://settings/syncSetup/advanced` என்று தட்டுங்கள். பதிப்பைப் பொறுத்து தோற்றம் மாறலாம், ஆனால் எதை ஒத்திசைப்பது என்ற பட்டியலைத்தான் தேடுகிறோம். நீட்டிப்புக்கான சொல் தெரியாதே என்றால், இன்னொரு டேபில் `chrome://extensions` திறந்து அதன் தலைப்பைப் பாருங்கள். ஜெர்மனில் Erweiterungen. அதே சொல் இந்தப் பட்டியலிலும் இருக்கும், அதை அணையுங்கள். சுவிட்சுகள் அசையவே இல்லை என்றால், மேலே 'எல்லாவற்றையும் ஒத்திசை' என்ற தேர்வு இயங்குகிறது. இரண்டாவது வட்டத்தை, அதாவது நீங்களே தேர்ந்தெடுக்கும் வழியை, சொடுக்கினால் திறந்துகொள்ளும்.

ஒத்திசைவையே முழுதாக அணைத்தால், சில பதிப்புகளில் ஒரு கட்டத்தோடு இன்னொரு பெட்டி வரும். அதில் டிக் வைத்தால் புக்மார்க், வரலாறு, கடவுச்சொல் எல்லாம் இந்தக் கணினியிலிருந்து அழியும். பிறருடைய கணினியில் டிக் வையுங்கள், உங்கள் சொந்தக் கணினியில் வைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் தமிழ் விண்டோவை மூடிவிட்டு `%TEMP%` கோப்புறையில் இருக்கும் tamil என்பதை, லினக்ஸில் `/tmp/tamil`-ஐ, நீக்கிவிடுங்கள்.