"விரைவில் பதிலை எதிர்பார்க்கிறேன்" என்பதற்குப் பதிலாக என்ன எழுதுவது?

எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை வடிவமைத்து, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசி வரி இது:

"பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். விரைவில் பதிலை எதிர்பார்க்கிறேன்."

மரியாதையான வரிதான். ஆனால் எதைப் பார்ப்பது, எப்போது சொல்வது என்று அதில் இல்லை. படிப்பவர் "அப்புறம் பார்க்கலாம்" என்று மூடிவைத்துவிடுவார். இதைத் திருத்துவோம்.

முதலில், கடிதத்தை எழுதத் தொடங்கும் முன்பே, படித்து முடித்ததும் அவர் செய்யவேண்டிய ஒரே காரியம் எது என்று தனியாக எழுதிப் பாருங்கள். நம் உதாரணத்தில், மூன்றாம் பக்கப் படமும் ஏழாம் பக்கத் தொலைபேசி எண்ணும் சரியா என்று அவர் உறுதிசெய்ய வேண்டும். அவ்வளவுதான். பாக்கிப் பணத்தையும் அதே வரியில் நுழைத்தால், எளிதானதற்குப் பதில் வரும், மற்றது அப்படியே கிடக்கும். அதை வேறு மடலில் கேளுங்கள்.

அடுத்து நாள். "இந்த வாரத்துக்குள்" என்றால் உங்களுக்குப் புதன், அவருக்குச் சனிக்கிழமை இரவு. தேதி, கிழமை, நேரம் மூன்றையும் எழுதுங்கள். அந்த நாள் ஏன் என்பதற்குக் காரணமும் இருந்தால் அதிகாரம் செய்வதுபோலத் தோன்றாது.

மூன்றாவது, பதிலைச் சுருக்கிக் கொடுங்கள். "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் அவர் உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டும். "சரியா?" என்றால் கைப்பேசியிலேயே ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்.

எல்லாம் சேர்த்தால்:

"3-ஆம் பக்கப் படமும் 7-ஆம் பக்கத் தொலைபேசி எண்ணும் சரியா என்று 12-ஆம் தேதி, புதன் மாலை 5 மணிக்குள் சொல்லுங்கள். 'சரி' என்ற ஒரு வார்த்தை போதும். மறுநாள் காலை கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறேன்."

கடைசி வாக்கியத்தில் உங்கள் அடுத்த வேலையும் வந்துவிட்டது, கவனித்தீர்களா?

சிலர் இன்னும் ஒரு படி போய், "பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதுவார்கள். கூட்ட நேரத்தை மாற்றுவதுபோன்ற சின்ன விஷயத்துக்குச் சரி. அச்சடித்த பிறகு திருத்த முடியாத கையேட்டுக்கும், பணம் கைமாறும் எதற்கும் வேண்டாம். அவர் மடலையே பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மூன்று நான்கு பேருக்கு ஒரே மடல் போகிறதென்றால், பதில் சொல்லவேண்டியவரின் பெயரை அந்த வரியிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் மற்றவர் சொல்வார் என்று இருந்துவிடுவார்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் எதிர்த்தரப்புக்குக் கெடு வைக்க முடியாது. அங்கே அடுத்த படியை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: "நேர்காணலுக்கு எந்த நாளும் காலை 11 மணிக்கு மேல் வர இயலும். 20-ஆம் தேதி ஒருமுறை மடல் அனுப்பி நிலவரம் கேட்டுக்கொள்கிறேன்." எழுதிய கையோடு 20-ஆம் தேதியை நாட்காட்டியில் குறித்தும் வைத்துவிடுங்கள்.