நாள் கணக்கில் கண் துடிக்கிறதா? வீட்டிலேயே பார்க்கும் முறை

பெண்ணுக்கு இடக்கண், ஆணுக்கு வலக்கண் துடித்தால் நல்லது என்பார்கள். பத்து நாளாக விடாமல் துடித்தால் சகுனமெல்லாம் மறந்து, நரம்புக் கோளாறோ என்ற பயம்தான் வரும். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எது துடிக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

படி 1: கண்ணாடி முன் நில்லுங்கள்

வெளிச்சமான இடத்தில் முகத்தைத் தளர விட்டு, துடிப்பு வரும்வரை காத்திருங்கள். சாதாரணத் துடிப்பு ஒரு கண்ணில், அதுவும் பெரும்பாலும் கீழிமையில், தோலுக்கடியில் புழு நெளிவதுபோல மெல்லியதாக ஓடும். நமக்குப் பெரிதாகத் தெரியும், எதிரில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. கண் மூடிக்கொள்ளாது. கண்ணைச் சுற்றியுள்ள தசையின் சில இழைகள் மட்டும் தானாகச் சுருங்குவதால் வருவது இது.

படி 2: கன்னத்தையும் வாயோரத்தையும் பாருங்கள்

முக்கியமான படி இதுதான். இமை துடிக்கும் அதே நொடியில் அந்தப் பக்கக் கன்னமோ உதட்டோரமோ சேர்ந்து இழுக்கிறதா? இழுத்தால் அது வேறு கதை. மூளைத்தண்டின் அருகே முகநரம்பை ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதால் இப்படி வரலாம். முதலில் இமையில் தொடங்கி, மாதக்கணக்கில் மெல்லக் கீழே பரவும். தூக்கத்திலும் நிற்காமல் இருக்கலாம். இரண்டு கண்ணும் சேர்ந்து இறுக மூடிக்கொள்வதும், வெயிலில் அது கூடுவதும் இன்னொரு வகை. இரண்டுக்குமே மருத்துவர் வேண்டும்.

படி 3: காபி, தூக்கம், கண் வறட்சி

இமை மட்டும்தான் என்றால் இவற்றைச் சரிசெய்யுங்கள். என் தோழி ஒருத்தி கணக்கர். மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் தினம் ஐந்து காபி, கடைசிக் காபி இரவு எட்டுக்கு, தூக்கம் ஐந்து மணி நேரம். இடது கீழிமை துடிக்கத் தொடங்கியது. காபியை ஒரேயடியாக விட்டால் தலைவலி பிடுங்கும் என்பதால், இரண்டு நாளுக்கொரு முறை ஒரு காபியைக் குறைத்து, மதியத்துக்குப் பின் குடிப்பதை நிறுத்தினாள். திரையைப் பார்க்கையில் இமைப்பது குறைந்து கண் காய்வதால், அடிக்கடி வேண்டுமென்றே இமைத்தாள். இரவில் வெந்நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் மூடிய கண்மேல் வைத்தாள். மறுநாளே நிற்கவில்லை. தூக்கம் ஏழு மணி நேரமான பிறகு இடைவெளி கூடிக்கூடி, தானாக ஓய்ந்தது.

மெக்னீசியம் மாத்திரை வாங்கிப் போடச் சொல்வார்கள். அதற்குத் தெளிவான ஆதாரமில்லை. காசு மிச்சம் பண்ணுங்கள்.

படி 4: எப்போது மருத்துவரிடம்?

மூன்று வாரம் தாண்டியும் குறையாவிட்டால், கண் சிவந்தால், வீங்கினால், பீளை தள்ளினால் கண் மருத்துவரைப் பாருங்கள். இமை தொங்கினாலோ, பார்ப்பது இரண்டாகத் தெரிந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அவசரமில்லாத துடிப்பு என்றால், வரும்போதே போனில் ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவர் முன் உட்கார்ந்ததும் அது நின்றுவிடுவதுதான் வழக்கம்.