காணும் பொங்கலுக்குக் கிட்டிப்புள்: நோட்டீசில் விதிகளை எழுதுவது எப்படி?

போன காணும் பொங்கலுக்கு எங்கள் தெருவில் கிட்டிப்புள் போட்டி வைத்தோம். எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம்தானே என்று நோட்டீசில் நேரத்தையும் பரிசையும் மட்டும் போட்டிருந்தேன். முதல் ஆட்டத்திலேயே தகராறு. அதனால் இந்த வருடம் விதிகளையும் எழுதிவிட்டேன்.

1. பெயரைச் சொல்லிவிடுங்கள். சின்னக் குச்சி புள், பெரிய குச்சி கிட்டி. சின்னதைக் கில்லி என்று சொல்லிப் பழகியவர்களுக்குக் கிட்டி என்றால் குழப்பம் வரும். அதனால் முதல் வரியே இதுதான்.

2. ஆட்டம். குழியின் குறுக்கே புள்ளை வைத்து, கிட்டியால் கெந்தி விட வேண்டும். எதிரணி அந்தரத்தில் பிடித்தால் அவுட். பிடிக்காவிட்டால், கிட்டியைக் குழிமேல் குறுக்கே வைக்க வேண்டும். எதிரணி புள் விழுந்த இடத்திலிருந்து அதை எறிந்து கிட்டியில் பட வைத்தாலும் அவுட். தப்பினால், புள்ளின் நுனியைத் தட்டி எழுப்பி அடிக்க மூன்று வாய்ப்பு.

3. அளவு. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். "குழியிலிருந்து புள் வரை கிட்டியால் அளக்கலாம்" என்று வாயால் சொல்லிவிட்டேன். ஓர் அணியின் கிட்டி ஒன்றரை அடி, மற்றதுடையது இரண்டு அடி. இரண்டு அணியும் 90 அடி தூரம்தான் அடித்தார்கள். ஒருவருக்கு 60, இன்னொருவருக்கு 45! குட்டைக் கிட்டிக்காரர் ஜெயித்துவிட்டார்.

அதனால் யார் எந்தக் கிட்டியால் அடித்தாலும், அளப்பது விழாக் குழுவின் ஒரே அளவில். டேப்பை விட எனக்குக் கயிறுதான் பிடிக்கும். ஒன்றரை அடிக்கு ஒரு முடிச்சு, பத்தாவது முடிச்சுக்கெல்லாம் சிவப்புத் துணி. சுற்றி நிற்கும் பாட்டிகள்கூட எண்ணிவிடுவார்கள். ஆனால் முடிச்சு போட்டு முடித்த பிறகு அளந்து பாருங்கள், முடிச்சே கயிற்றைத் தின்னும்.

ஒவ்வொரு அடிக்கும் அளந்தால் பொழுது சாய்ந்துவிடும். அடித்தவர் "அறுபது" என்று கேட்கட்டும். எதிரணி ஒத்துக்கொண்டால் அதுவே புள்ளி. சந்தேகப்பட்டால் கயிறு வரும்: 60 தேறினால் 60, 55தான் என்றால் புள்ளியும் இல்லை, ஆட்டமும் போச்சு. இதைப் போட்டதும் யாரும் வாய்க்கு வந்ததைக் கேட்பதில்லை.

4. கண். புள்ளின் இரு முனையும் சரிவாக இருந்தால் போதும், பென்சில் மாதிரி கூர் வேண்டாம். வேடிக்கை பார்ப்பவர்கள் அடிப்பவருக்குப் பின்னால், கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் மட்டும். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

பின்சேர்க்கை: நோட்டீசைப் பார்த்த பக்கத்து ஊர்ப் பெரியவர், "அந்தரத்திலேயே இரண்டு தட்டு தட்டி அடித்தால்?" என்று கேட்டார். சில ஊர்களில் அப்போது கிட்டிக்குப் பதிலாகப் புள்ளாலேயே அளப்பார்கள், புள்ளி எகிறிவிடும். எங்களிடம் புள் அளவுக்கு முடிச்சுப் போட்ட கயிறு இல்லை. "இரட்டைத் தட்டுக்கு இரு மடங்கு" என்று பேனாவால் எழுதி ஒட்டிவிட்டேன்.